என் முறைக்குக் கொள்ளு

என் வீட்டு அடுக்களையில் கொள்ளு கிடையாது. சளிக்கு நல்லது, இடுப்புச் சதை கரையும் என்று டாக்டரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி வரை சொல்லிப் பார்த்துவிட்டார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி வேறு. அந்தப் பழமொழியைச் சொன்ன மகராசன் நான் வாழ்க்கைப்பட்ட வெள்ளானூருக்கு வந்து அப்போது என்னைப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து வருஷம் தொடர்ந்து கொள்ளு தின்று எலும்பும் தோலுமாக நின்றவள் நான்.

என் புருஷன் மஞ்சள்காமாலையில் போனபோது எனக்கு இரண்டு பெண்கள். சின்னவளுக்கு இன்னும் பால்குடி மறக்கவில்லை. அவர் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர், எனக்கு மூத்தார். இளையவன், என் கொழுந்தன். நிலம் பிரிக்காமல் பொதுவில் இருந்தது, மூன்று கழனி. கிணற்றை ஒட்டியது கிணத்தடிக் கழனி, அடுத்தது நடுக்கழனி, கடைசியில் ஏரிக்கரைக் கழனி. மூன்றுக்கும் ஒரே கிணறு, ஒரே பம்புசெட்டு. அந்தத் தண்ணீர் வருஷத்துக்கு ஒரு கழனி நெல்லுக்குத்தான் காணும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே மூத்தார் என் அண்ணனிடம், "தங்கச்சிய காட்டுப்பாக்கத்துக்கே இட்டுகினு போயேன். இங்க ஒண்டியா இன்னா பண்ணும்?" என்று கேட்டார். நான் போனால் என் புருஷன் பங்கு தானாக அவர் கைக்குப் போய்விடும். அண்ணனுக்கும் நான் வருவதில் இஷ்டமில்லை, அண்ணிக்குச் சுத்தமாக இல்லை. நான் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் பங்கில் ஒரு தரமாவது நெல் விளைத்து, என் பெண்களுக்கு அந்த அரிசியில் சோறு போட்டால்தான் அந்த நிலத்தில் எனக்குக் கால் ஊன்றும் என்று எனக்குத் தெரியும். அது நடக்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும்.

அந்த ஆடியில் ஊரில் நாலு பெரிய மனுஷரை மோட்டார் கொட்டகை நிழலில் உட்காரவைத்து மூத்தார் ஒரு ஏற்பாடு சொன்னார்.

"ஒரே கழனியில வருசா வருசம் நெல்லு வெச்சா மண்ணு செத்துப் பூடும். அதனால மொத வருசம் கொள்ளு போடணும், அறுத்துட்டு ஆட்டுக் கிடை கட்டணும், கோட மழைக்கு சணப்பு வெதச்சி, பூ எடுத்ததும் மடக்கி உழுவணும். ரெண்டாம் வருசம் அந்த மண்ணுல நெல்லு. மூணாம் வருசம் மிச்சம் கீற சத்துல கேவுரு. அப்பால மறுபடியும் கொள்ளு. மூணு கழனியும் இப்டியே சுத்திகினு இருக்கணும்."

அதில் ஒரு தப்பும் கிடையாது. நெல் மண்ணை உறிஞ்சும்; கேழ்வரகு இருப்பதை வைத்துப் பிழைத்துக்கொள்ளும்; கொள்ளும் சணப்பும் வேரில் முண்டு முண்டாகப் பிடித்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும். ராத்திரிக்கு ராத்திரி ஆட்டைக் கழனியிலேயே அடைத்துக் கிடை கட்டினால் புழுக்கை எருவாகும். சணப்பைப் பூவோடு மண்ணுக்குள் அழுத்தி அழுகவிட்டால் அடுத்த நெல்லுக்கு வேறு எருவே வேண்டாம். இதெல்லாம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அடுத்ததாக, "ஒருத்தனுக்கே கிணத்தடி, ஒருத்தனுக்கே ஏரிக்கரைன்னா சண்ட வரும். அதனால வருசா வருசம் ஆவணி மொத தேதி ஆளும் கழனி மாறணும். கிணத்தடிக்காரன் ஏரிக்கரைக்கு, ஏரிக்கரைக்காரன் நடுவுக்கு, நடுக்கழனிக்காரன் கிணத்தடிக்கு. அவங்கவங்க வருசத்துல அவங்கவங்க இஷ்டம், ஒருத்தர் ஒருத்தர கேக்கக் கூடாது" என்றார்.

பயிரும் மாறுகிறது, ஆளும் மாறுகிறார்கள், இதைவிட நியாயம் உண்டா என்று பெரிய மனுஷர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "உங்க மூத்தாரு தங்கமானவரும்மா" என்றார். நானும் தலையாட்டினேன். அந்த வருஷம் கிணத்தடிக் கழனியில் கேழ்வரகு முடிந்திருந்தது, அது என் தலையில் விழுந்தது. யாராவது ஒருவருக்கு முதலில் கொள்ளு விழத்தானே வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

கொள்ளு விதைத்தேன். தையில் அறுத்தேன். கிடைக்காரனுக்குக் கூலியாக அந்தக் கொள்ளிலேயே ஒரு பாகம் அளந்தேன். சணப்பு மஞ்சளாகப் பூத்து இடுப்பளவு நின்றதும் மாடு பிடித்து மடக்கி உழுதேன். ஆவணியில் அதை மூத்தாரிடம் கொடுத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போனேன். அங்கே கொழுந்தன் கேழ்வரகு அறுத்துவிட்டுப் போயிருந்தான். கேழ்வரகுக்கு அப்புறம் கொள்ளு, அதுதானே ஏற்பாடு? சரி என்று மறுபடியும் கொள்ளு. மூன்றாம் வருஷம் நடுக்கழனி. அங்கேயும் கேழ்வரகு முடிந்து தாள் நின்றது. காலையில் வேகவைத்த கொள்ளு, ராத்திரி கொள்ளுத் துவையல். பெரியவள் தட்டைத் தள்ளிவிட்டு, "பெரிம்மா ஊட்டுல நெல்லுச் சோறு" என்று அழுதாள். அடித்தேன்.

நாலாம் ஆவணி நெருங்கும்போது மறுபடியும் கிணத்தடிக்கு என் முறை வந்தது. போய்ப் பார்த்தால் கேழ்வரகுத் தாள். நாலாவது தரமும் எனக்குக் கொள்ளுதானா? வீட்டுக்கு வந்து கோலமாவில் தரையில் மூன்று கட்டம் போட்டேன். ஒன்றில் கொள்ளு, ஒன்றில் நெல், ஒன்றில் கேழ்வரகு வைத்தேன். எனக்கு ஒரு உப்புக்கல், மூத்தாருக்குப் புளியங்கொட்டை, கொழுந்தனுக்குக் காய்ந்த மிளகாய். ஏற்பாட்டின்படி ஆட்களை ஒரு கட்டம் நகர்த்தினேன், தானியத்தையும் மாற்றினேன். மறுபடியும் நகர்த்தினேன், மாற்றினேன். உப்புக்கல் கொள்ளின் மேலேயே நின்றது. புளியங்கொட்டை நெல்லின் மேலேயே. மிளகாய் கேழ்வரகின் மேலேயே. பயிர் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ ஆளும் அதே பக்கம்தான் சுற்றுகிறான்; அப்புறம் எவனுக்கு என்ன மாறும்? ஆயுசுக்கும் நான் மண்ணைத் தேற்றிக் கொடுப்பேன், மறு வருஷம் அதே மண்ணில் அவர் நெல் அறுப்பார். அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டே கத்தினேன்.

மோட்டார் கொட்டகைக்கு நேரே போய்க் கேட்டேன். மூத்தார் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மறுக்கவே இல்லை. சிரித்தார்.

"மூணு வருசம் ஆச்சா உனுக்கு இது புரிய?"

"மாத்திச் சுத்துங்க மாமா. ஆளு எதிர்ப்பக்கமா சுத்தட்டும். எல்லாருக்கும் எல்லாம் வரும்."

"ஒண்டிப் பொம்பள, நடவு, களையெடுப்பு, அறுப்புன்னு இன்னாத்துக்கு அல்லாடற? கொள்ளு தானா வெளையுது. முடியலன்னா காட்டுப்பாக்கம் கீது, உங்கண்ணன் ஊடு கீது."

வந்த ஆத்திரத்துக்கு அந்த மண்வெட்டியைப் பிடுங்கி அவர் காலிலேயே போட்டிருப்பேன். அப்போதுதான் அவர் போட்ட இன்னொரு சட்டம் ஞாபகம் வந்தது. அவங்கவங்க வருசம், அவங்கவங்க இஷ்டம். "சரி மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் கொள்ளை வேரோடு பிடுங்கினேன். கிடைக்காரன் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தான், வேண்டாம் போ என்று திருப்பி அனுப்பினேன். மண் ஆற வேண்டிய மாசியில் எள் விதைத்தேன். எள் மண்ணைச் சுரண்டித் தின்னும் பயிர், எனக்கு அதுதான் வேண்டும். அதையும் வேரோடு எடுத்தேன். அப்புறம் சணப்பு விதைத்தேன். அது பூத்து நின்றதைப் பார்த்ததும் மூத்தாருக்கு மனம் நிறைந்துவிட்டது. வரப்பில் நின்று, "பரவாயில்லியே, புத்தி வந்துட்ச்சி" என்றார். மறுநாள் இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டு மொத்தச் சணப்பையும் பிடுங்கிக் கட்டாகக் கட்டி ஆவடியில் மாடு வைத்திருந்தவர்களுக்குத் தீவனமாகப் போட்டுவிட்டேன். கழனியில் ஒரு இலை மிச்சமில்லை.

மூத்தார் ஓடி வந்தார். "மண்ண கொன்னுட்டியேடி பாவி!"

"என் வருசம், என் இஷ்டம். நீங்க போட்ட சட்டம்தான் மாமா."

அவர் அதில் சம்பா நட்டார். வேர் பிடிக்கும் வரை பச்சையாகத்தான் இருந்தது. ஐப்பசி பாதியில் அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. தூர் கட்டவில்லை, ஒவ்வொரு குத்திலும் நட்ட நாற்றும் கூட ஒன்றிரண்டும்தான். யூரியாவுக்கு சொசைட்டி வாசலில் போய் நின்றார். அந்தச் சமயம் யூரியா யாருக்கும் கிடைக்காத சமயம், வெறும் கோணியோடு திரும்பி வந்தார். தையில் அவர் களத்தில் நெல்லைவிடப் பதர் அதிகம். என் வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்குக் கொள்ளு கூட ருசித்தது. என் ஓரகத்தி, மூத்தாரின் பெண்டாட்டி, தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "தாலியறுத்தவ கை பட்ட மண்ணு வெளங்குமா?" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். நான் வாசலில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டேன்.

அவர் அங்கே பதர் தூற்றிக்கொண்டிருந்த வருஷம் நான் ஏரிக்கரைக் கழனியில் இருந்தேன். அதையும் அதே மாதிரி உரித்தேன். கொள்ளு, எள்ளு, சணப்பு, எதையும் விடவில்லை. அடுத்தது அதில்தானே அவர் நெல் நட வேண்டும்?

ஆடி பிறந்ததும் பெரிய மனுஷர்களை நானே கூப்பிட்டேன். கோலமாவுக் கட்டத்தைக் கொட்டகைத் தரையில் போட்டு, உப்புக்கல்லையும் புளியங்கொட்டையையும் நகர்த்திக் காட்டினேன். ஆள் மாறுகிற சுற்றை மட்டும் எதிர்ப்பக்கமாகத் திருப்பச் சொன்னேன். மூத்தார் சண்டை போடுவார் என்று இருந்தேன். அவர் கட்டத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். புளியங்கொட்டையை அவரே எடுத்து எதிர்ப்பக்கம் ஒரு கட்டம் வைத்தார், அப்புறம் இன்னொரு கட்டம். "அது கேக்கறதும் நாயம்தான். அப்டியே சுத்தட்டும்" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சுற்று திரும்பியதில் முதலில் மாட்டியது கொழுந்தன். நான் உரித்துப் போட்ட ஏரிக்கரைக் கழனி மூத்தாருக்குப் போகாமல் அவனுக்குப் போனது. அவன் ஒருவரோடும் வம்புக்குப் போகாதவன். அத்தனை வருஷமும் வாய் திறக்காமல் கேழ்வரகு விளைத்தவன், முதல் தரம் நெல் நடுகிறான் என்று அவன் பெண்டாட்டி நடவன்று எல்லோருக்கும் பொங்கல் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். ஐப்பசியில் மஞ்சள் இலையைக் கைநிறையக் கிள்ளிக்கொண்டு வந்து என் வாசலில் போட்டாள். அப்போது அவளுக்கு நிறை மாசம்.

"நாங்க உனுக்கு இன்னாக்கா பண்ணோம்?"

"உம் மூத்தார போய்க் கேளு" என்றேன். வேறு என்ன சொல்வது?

எனக்கு அந்த வருஷம் கிணத்தடியில் கேழ்வரகு. நான் முதலில் உரித்து, மூத்தார் அதில் நெல்லும் வைத்து எடுத்துவிட்ட மண். கேழ்வரகுக் கதிர் கட்டை விரல் அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. அதைக்கூடப் பொறுத்தேன், அடுத்தது எனக்கு நெல். நெல் வரப்போவது நடுக்கழனியில். அந்த வருஷம் நடுக்கழனியில் கொள்ளு போடுகிற முறை மூத்தாருடையது. அவர் எனக்காக மண்ணைத் தேற்றிக் கொடுக்க வேண்டும்!

அவர் மாசியில் எள் விதைத்தபோது எனக்கு விளங்கியது. சணப்பு பூத்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். ஆள் வைக்கவில்லை, அவரும் ஓரகத்தியும் பிள்ளைகளும் வரிசையாகக் குனிந்து பிடுங்கினார்கள். ஒரு செடியை வேரோடு தூக்கி என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"பாத்தியா, வேருல முண்டு முண்டா எவ்ளோ கீது! நீ கத்துக் குடுத்ததுதாம்மா."

என் முதல் நெல்லை அந்த மண்ணில்தான் நட்டேன். நாற்று விட்டதிலிருந்து களை பிடுங்குவது வரை எல்லாம் என் கை. குப்பை மேட்டைச் சுரண்டி, கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொட்டினேன், அவ்வளவு பெரிய கழனிக்கு அது எந்த மூலைக்கு? அடி இலை மஞ்சளானது. பெண்கள் இருவரும் வரப்பில் நின்று, "அம்மா, நெல்லு பழுத்துட்ச்சா?" என்று கேட்டார்கள். தையில் வந்த நெல் மாசி வரைக்கும்கூடப் போதவில்லை.

எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. அடுத்த ஆவணியில் என் முறை மறுபடியும் கொள்ளு, ஏரிக்கரையில். வரட்டும், இந்தத் தரம் உப்பைக் கொட்டியாவது அந்த மண்ணை அழித்துவிடுகிறேன் என்று கறுவிக்கொண்டு மறுபடியும் கட்டம் போட்டேன். அப்போதுதான் உப்புக்கல்லுக்குப் பின்னால் வருவது யார் என்று கண்ணில் பட்டது. சுற்று திரும்பியதும் எனக்குப் பின்னால் நெல் நடுகிறவன் கொழுந்தன். கொழுந்தனுக்குப் பின்னால் மூத்தார். மூத்தாருக்குப் பின்னால் நான். அவர் என்னை அடிக்கலாம். நான் திருப்பி அடித்தால் அவருக்கு எட்டாது, குறுக்கே நிற்கிற கொழுந்தன்மேல்தான் விழும். கொழுந்தனோ அண்ணனை அடிக்கவே மாட்டான். அந்த வருஷம்கூடக் கிடை கட்டி, சணப்பு மடக்கி, கிணத்தடியை அண்ணனுக்கு வெண்ணெய் மாதிரி ஆக்கி வைத்திருந்தான். கொட்டகையில் புளியங்கொட்டையை நகர்த்திப் பார்த்தாரே, அன்றைக்கே மனுஷன் இதையெல்லாம் பார்த்துவிட்டார்.

கொழுந்தன் பெண்டாட்டி போட்ட மஞ்சள் இலை ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளை பிறந்து சவலையாக இடுப்பில் கிடந்தது. நான் நல்லவள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மூத்தார்மேல் இருந்த ஆத்திரம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அது அந்தப் பிள்ளை தலையில் விழுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஏரிக்கரையில் கொள்ளை அரிவாளால் அறுத்தேன், வேரை மண்ணிலேயே விட்டேன். என் பெண்களுக்கு வைத்திருந்த கேழ்வரகில் எடுத்துக் கிடைக்காரனுக்கு அளந்தேன். எள் பக்கமே போகவில்லை. சணப்பு அந்த வருஷம் என் தோளுக்கு வந்தது. பூத்ததும் கடன் மாட்டைப் பூட்டி, ஒரு தண்டு வெளியே தெரியாமல் மடக்கி உழுதேன். தண்ணீர் கட்டி அழுகவிட்டேன். நாற்றம் ஊர் வரைக்கும் வந்தது.

அவள் வீட்டு வாசலில் போய் நின்று சொன்னேன். "எல்லாத்தையும் மடக்கி உழுதுட்டேன். போய்ப் பாரு."

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மேல உழுத மாதிரி காட்டிட்டு அடியில இன்னா பண்ணி வெச்சிகீறயோ, யாருக்குத் தெரியும்? ஒருதரம் பட்டது போதும்க்கா."

கொழுந்தன் மண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆடியிலேயே தன் பங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பாக்டரி வேலைக்கென்று குடும்பத்தோடு அம்பத்தூருக்குப் போய்விட்டான். கள்ளிக்குப்பத்தில் குடிசை போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

ஏரிக்கரைக் கழனியில் மூத்தார் சம்பா நட்டார். கார்த்திகையில் அது கரும்பச்சையாகத் தழைத்து நின்றது. குத்துக்குக் கை கொள்ளாத தூர். வரப்பில் போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாசியில் ஓரகத்தி முறத்தில் புது அரிசி கொண்டு வந்து என் வாசலில் வைத்தாள். "அவரு குடுக்கச் சொன்னாரு. உன் கை வாகுதான்மா, கிடையும் சணப்புமா எப்டித்தான் போட்டியோ, இந்த மாதிரி ஒரு வெளச்சல் நாங்க பாத்ததே இல்ல" என்றாள். முறத்தை வீசி எறிந்திருப்பேன். பெண்கள் இரண்டு பேரும் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

வடித்தேன். நல்ல அரிசி, வீடெல்லாம் மணத்தது. பெரியவள் இரண்டாம் தரம் கேட்டாள், போட்டேன். எனக்கும் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் நடுக்கழனி தெரியும். வருகிற ஆவணியில் அதில் நெல் நடுகிற முறை எனக்கு. மூத்தார் அதில் எள் விதைத்துக்கொண்டிருந்தார்.